நகராட்சி ஆணையருக்கு: கல்நார்க் கூரையை உடைக்காமல் இறக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வார்டுப் பள்ளியின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்க் கூரையை அகற்றித் தகரக் கூரை அமைத்துத் தந்தமைக்கு நன்றி. அந்த வேலை நடந்த விதத்தைத் தங்கள் பொறியாளர்கள் நேரில் கண்டவர்கள் என்பதால் விரித்துரைக்கத் தேவையில்லை. சுத்தியலால் நொறுக்கிக் கீழே தள்ளப்பட்ட ஷீட்டுகளின் துண்டுகள், பள்ளிக்குச் செல்லும் மண்பாதையின் பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டிருக்கின்றன. டிராக்டர் போகும்போதெல்லாம் அவை அரைபட்டுப் புழுதியாக எழ, பிள்ளைகள் அதற்குள்தான் நடந்து போகிறார்கள். கூரைக்குமேல் கிடந்ததைச் சிறுவர்களின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்த இந்தச் சிக்கனத்தை என்னவென்று பாராட்டுவது?

முழு ஷீட்டில் கல்நார் இழைகளைச் சிமெண்ட் பிடித்து வைத்திருக்கிறது. அதை உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், இன்று எவரும் இருமவில்லை என்பது சமாதானம் ஆகாது.

எனவே, அடுத்து மாற்றவிருக்கும் கூரைகளையாவது உடைக்காமல் இறக்குங்கள். சிறிது சோப்புக் கலந்த நீரை மெல்லிய தூறலாகத் தெளித்து ஷீட்டை நனைத்து, துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை கிரைண்டர் கொண்டு அறுக்காமல் கைக்கருவியால் துண்டித்து, ஒவ்வொரு ஷீட்டாக இறக்க வேண்டும். பழைய ஷீட் ஆளின் பாரத்தைத் தாங்காது. அதன்மீது கால் வைக்காமல் பலகையோ சாரமோ அமைத்தே வேலை செய்ய வேண்டும். முகத்தில் துணி கட்டினால் மட்டும் போதாது. தொழிலாளர்களுக்கு நுண்தூசியை வடிகட்டும், முகத்தோடு ஒட்டி நிற்கும் முகக்கவசம் தர வேண்டும். இறக்கியவற்றைத் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கை எழுதி, கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அனுமதி பெற்ற தீங்குக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தரையைப் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

தகரத்தைப் பற்றியும் ஒன்று. சதுர மீட்டருக்குச் சுமார் 13 கிலோ எடையுள்ள பழைய ஷீட்டின் இடத்தில் 5 கிலோவுக்கும் குறைந்த தகரம் வருகிறது. கஜா புயலைக் கண்ட இந்த டெல்டாவில், கூரையைத் தாங்கும் பழைய சட்டத்தைச் சரிபார்க்காமலும் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாக அடிக்காமலும் விட்டால் காற்று அதைத் தூக்கிவிடும். உள்ளே அனல் இறங்காமலிருக்க அடியில் வெப்பக் காப்பும் வேண்டும். கல்நார் கலவாத ஃபைபர் சிமெண்ட் ஷீட் வெப்பத்தையும் மழைச் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் கனமானது, கொள்முதலில் கல்நார் இல்லை என்று எழுத்தில் பெற வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியில் 'பழைய கூரையை அகற்றுதல்' என்று ஒற்றை வரி இருக்கும்வரை, குறைந்த விலை கேட்பவரின் கையில் சுத்தியல்தான் இருக்கும். நனைப்பதற்கும் சுற்றுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் தனித்தனி வரியும் தொகையும் சேர்த்து, உடைக்காமல் இறக்குவதை நிபந்தனையாக்குமாறு வேண்டுகிறேன். அதற்குமுன், அந்தப் பாதையில் வண்டிகளை நிறுத்தி, ஈரமண் போட்டு மூடி, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு துண்டுகளையும் மேல்மண்ணையும் அள்ளிச் செல்ல ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை