வெட்டின கையோடு பார்க்கணும்

தொட்டியம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து இரண்டு மாசம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். தக்காளிச் செடி திடீர் திடீரென்று துவளுது, என்ன சீக்கென்று சொல் என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து கேட்டிருந்தாய். இங்கே என் வாழைக் கொல்லையே வாடிக்கொண்டிருந்தது. நான் யாருக்கு வைத்தியம் சொல்ல?

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள். சின்னச்சாமி அந்தப் பணத்தை இன்னும் தரவில்லை. கேட்டால் முசிறி பஸ் கதையை எடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி கொல்லைக் கதை.

ரஸ்தாளிதான் போட்டிருந்தேன். வேண்டாம் என்று நீ சொன்னாய், நினைவிருக்கிறது, குத்திக்காட்டாதே. ஆறாம் மாசம் வாய்க்கால் ஓரத்து மரம் ஒன்றில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்கின. குருத்து மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. சத்துக் குறைச்சல் என்று நினைத்துப் பொட்டாஷ் வைத்தேன். பத்து நாளில் அதே மரத்தின் அடியில் மட்டை நெடுக வெடித்துவிட்டது.

சரி, வெட்டிப் பார்ப்போம் என்று அரிவாளை எடுத்தேன். அதை வெட்டினேன். சந்தேகத்தில் பக்கத்தில் நின்ற நான்கு மரத்தையும் வெட்டினேன். டீ வந்தது என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் ஐந்து மரத்தின் அடிவெட்டும் பழுப்பு! கொல்லையே போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மாப்ள. பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர்.

பெரியப்பா வந்தார். ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த கத்தியை எடுத்து, ஐந்து அடிவெட்டிலும் மேலாக ஒரு விரல்கனத்துக்குச் சீவித் தள்ளினார். நான்கில் பழுப்பெல்லாம் அந்தச் சீவலோடு போய்விட்டது, அடியில் பால்வெள்ளை. "வாழைக்கறை காத்துப்பட்டாக் கறுக்காதாடா? உன் வேட்டியப் பார்" என்றார். ஐந்தாவதில் மட்டும், சீவச் சீவ, அதே இடத்தில் அதே புள்ளிகள். குண்டூசித் தலையளவு, வெற்றிலைச் சாறு நிறத்தில், வெளிமட்டைகளில் வட்டம் வட்டமாக. ஒரு மட்டையை உரித்து நெடுக்காகக் கிழித்தபோது அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு செங்கோடாக மேலே ஓடியது. உள்ளே குருத்தைச் சுற்றியிருந்த மட்டைகள் இன்னும் வெள்ளைதான்.

வித்தியாசம் இவ்வளவுதான். கறை என்றால் வெட்டுவாய் முழுக்க மைபோல மேலாகப் பரவும், சீவினால் போய்விடும். நோய் என்றால் நரம்புக்குள் நிற்கும், எத்தனை தரம் சீவினாலும் நிற்கும். வெட்டின கையோடு பார்க்கணும். நல்ல மரம் நான்கை வெட்டிப் போட்ட பிறகு எனக்கு வந்த ஞானம் இது.

இன்னொன்று, எங்கே வெட்டுகிறோம் என்பது. முதலில் நான் இடுப்புயரத்தில்தான் ஒரு வெட்டுப் போட்டேன். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. மண்ணிலிருக்கிற பூஞ்சணம் வேர் வழியாகத்தான் ஏறுகிறது. அதனால் மண்ணை ஒட்டி வெட்டணும், சந்தேகம் தீராவிட்டால் கிழங்கைத் தோண்டிப் பிளக்கணும். கிழங்கின் நடுவிலோ வெளித்தோலிலோ தேடாதே. வெளிச்சதையும் உள்சதையும் சேருகிற வளையத்தில்தான் செம்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். அந்த நிறம் பூஞ்சணத்தின் நிறம்கூட இல்லையாம். உள்ளே வந்தவனைத் தடுக்க மரமே தன் நீர்க்குழாயைப் பிசின் வைத்து அடைத்துக்கொள்கிறது, அது பழுத்துச் சிவக்கிறது. எதிரி நுழையாமலிருக்கக் கிணற்றையே தூர்த்துவிட்டுத் தாகத்தில் சாகிற கதை.

மோந்தும் பார்த்தோம், நாற்றமில்லை. கிழங்கு அழுகலாக இருந்தால் குடலைப் புரட்டியிருக்கும், கிழங்கு சொதசொதவென்றிருக்கும், மரத்தை ஆட்டினால் அடியோடு கையில் வந்துவிடும். கூன்வண்டு என்றால் துளையும் எச்சமும் இருக்கும். இதில் எதுவுமில்லை. வாடல் நோய்தான்.

ஆனால் எந்த வகை வாடல் என்று அந்தச் செங்கோடு சொல்லாது. ரஸ்தாளியைக் காலங்காலமாகத் தின்கிற பழைய பூஞ்சண இனமா, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜி9 வாழையைச் சாய்த்த டி.ஆர்.4 இனமா, இரண்டிலும் கோடு ஒரே சிவப்புதான். அதை ஆய்வுக்கூடத்தில்தான் பிரிக்க முடியும். செங்கோடு ஓடிய நாரை மட்டும் உரித்து, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகி, வேறு கிருமி ஏறிவிடும். புதன்கிழமை திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்குக் கொண்டுபோகிறேன்.

இப்போது என் வயிற்றைக் கலக்குவது வேறு. சீக்கு மரத்தை வெட்டின அரிவாளாலேயே அந்த நான்கையும் வெட்டினேன். சாயங்காலம் அதே அரிவாளோடு பையன் கொல்லை முழுக்கப் பக்கக்கன்று கழித்திருக்கிறான். வெட்டின துண்டை வாய்க்காலில் தள்ளினானா, வரப்பில் போட்டானா, கேட்டால் முழிக்கிறான். அந்த வாய்க்கால் கீழே பெரியப்பா கொல்லைக்குப் போகிறது. மனுஷர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

இந்தப் பூஞ்சணம் மண்ணில் இறங்கினால் வாழையே இல்லாவிட்டாலும் இருபது முப்பது வருஷம் கிடக்கும் என்கிறார்கள். பூஞ்சணக்கொல்லி ஊசி போடலாமே என்பாய். உள்ளே சிவந்த மரத்துக்கு அது பிரயோசனமில்லை. அடுத்த நடவுக்கு இந்தக் கொல்லையிலிருந்து கட்டையும் எடுக்க மாட்டேன். வெட்டிப் பார்த்து வெள்ளையாக இருந்தாலும் சரி, நிறம் ஏறும் முன்பே பூஞ்சணம் உள்ளே இருக்கலாம். அடுத்த போகம் நெல், அதற்கப்புறம் பூவன். நீ சொன்னபடியே. சந்தோஷமா?

இப்போது உன் தக்காளி. இலை மஞ்சளிக்காமல் பச்சையாகவே துவண்டதா, இல்லை ஒரு பக்கம் மட்டும் மஞ்சளித்து மெதுவாகப் போனதா, நீ எழுதவில்லை. அடித்தண்டில் தோலை நகத்தால் சுரண்டிப் பார். தோலுக்கு அடியில் மட்டும் பழுப்புக் கோடு, நடுச்சோறு வெள்ளை என்றால் என் வீட்டுச் சீக்கின் பங்காளிதான், ஃபியூசேரியம். நடுச்சோறும் பழுப்பேறி ஈரமாக இருந்தால் பாக்டீரியா வாடலாக இருக்கும். உறுதி பண்ண, அடியில் இரண்டு மூன்று அங்குலத் துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் தொடும்படி தொங்கவிடு. ஆட்டாதே. பாக்டீரியா என்றால் சில நிமிஷத்திலேயே பால்நூல் மாதிரி வெள்ளையாக இறங்கும். பூஞ்சண வாடலில் இறங்காது. இப்போதுதான் வாட ஆரம்பித்த செடி என்றால் நூல் இறங்காமலும் போகலாம், அதனால் இரண்டு மூன்று செடியில் பார்த்துவிட்டு எழுது.

ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் கத்தியைக் கழுவு. டம்ளர் மட்டும் தங்கச்சிக்குத் தெரியாமல் அடுக்களையிலிருந்து எடுக்காதே. போன தடவை யூரியா கலக்கின சொம்பை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் ரஸ்தாளி