பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தாலே வாளையார் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் கிருமி தொற்றிய பின் காய்ச்சல் தொடங்கவே பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் சாவடியைக் கடப்பவருக்கு உடம்பு சுடாது. பிறகு அவர் போய் நிற்பது பொள்ளாச்சிப் பக்கமோ பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமோ ஒரு சின்ன மருத்துவமனையின் காஷுவாலிட்டியில்தான்.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நடந்தது அதுதான். முதல் நோயாளி மே 5 அன்று இறந்தபோது யாருக்கும் நிபா என்று தோன்றவில்லை. அதே வீட்டிலிருந்து இன்னொருவர், உடன்பிறந்தவர், கோழிக்கோட்டில் சேர்க்கப்பட்ட பிறகுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மூளைக்காய்ச்சலோடு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறியிருந்தன, தசைகள் வெட்டி வெட்டி இழுத்தன, ஒரே வீட்டில் இரண்டு பேர். அதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அந்த முறை தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைக்குள்ளேதான் தொற்றியது.

ஆகவே காய்ச்சலோடு மனக்குழப்பமோ மூச்சுத்திணறலோ இருந்தால், முதல் கேள்வியே 'வீட்டில், பக்கத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா, யாராவது இறந்தார்களா?' என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் அந்த நிமிடமே நோயாளிக்கு முகக்கவசம், தனி அறை. கூட ஒரே ஒரு துணையாள், அவருக்கும் முகக்கவசம். ஸ்கேனுக்காக வராந்தாவில் உட்கார வைக்கக் கூடாது. மாதிரியை அனுப்பிவிட்டு முடிவு வந்த பிறகு கவசம் போடலாம் என்றால், அதற்குள் எத்தனை பேர் அவர் இருமலுக்கு முன் நின்றிருப்பார்கள்! 2011இல் குஜராத்தில் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் இறந்ததையும் மறக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிபிஇ கிட் மேல்மாடி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. இரவில் சாவி யாரிடம் என்றே தெரியாது. என்95, முழுக்கை கவுன், கண்ணாடி, கையுறை எல்லாம் காஷுவாலிட்டி மேசையிலேயே இருக்க வேண்டும்.

கிட் இருந்தும் தொற்றுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். எட்டு மணி நேரம் வியர்த்துக் களைத்த பிறகு கை தானாக முகத்துக்குப் போகும். மேல் கையுறை, கண்ணாடி, கவுன், உள் கையுறை என்று நிதானமாகக் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையே கையைச் சுத்தம் செய்துகொண்டே. என்95 முகக்கவசம் மட்டும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, கடைசியாக. எதிரே ஒருவர் நின்று 'இப்போ இது, அப்புறம் அது' என்று சொன்னால் பிசகாது. எல்லைப் பக்கத்து மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் இதை மாதம் ஒருமுறை, துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு, செய்து பார்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்