அந்த ஐந்தாவது வசனம் பற்றி

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள், குர்ஆன் 9:5" என்று சிவப்பு எழுத்தில் போட்டு, உன் அலுவலகத் தோழி இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். உனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது என்று எழுதியிருந்தாய். அவள் கேட்டதில் தப்பில்லை மகளே. அந்த வரி மட்டும்தான் கையில் கிடைத்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

முதலில், அந்த வசனம் அங்கே தொடங்கவே இல்லை. அரபியில் அது "ஃபஇதா" என்று ஆரம்பிக்கிறது. "ஆகவே, எப்போது..." என்று பொருள். "ஆகவே" என்று வந்தாலே மேலே ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இல்லையா? "ஆகவே, புனித மாதங்கள் கழிந்துவிட்டால்" என்பதை வெட்டிவிட்டு மீதியைத்தான் படத்தில் போட்டிருக்கிறார்கள்.

மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 628-இல் ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களும் மக்கா குறைஷிகளும் பத்து வருஷத்துக்குப் போர் வேண்டாம் என்று உடன்படிக்கை செய்தார்கள். மற்ற குலத்தார் யாருடன் வேண்டுமானாலும் சேரலாம் என்பதும் அதில் ஒரு பேச்சு. குஸாஆ குலம் நபியோடு சேர்ந்தது, பனூ பக்ர் குறைஷிகளோடு. இரண்டு வருஷம் போவதற்குள் பனூ பக்ர் ஆட்கள் ராத்திரியில் குஸாஆ மீது பாய்ந்தார்கள், குறைஷிகளில் சிலர் ஆயுதமும் கொடுத்தார்கள். மக்கா வெற்றிக்குக் காரணமான முறிவு இதுதான், அது 630.

அதற்கு அடுத்த வருஷ ஹஜ்ஜுக்கு அபூபக்கர் (ரலி) தலைமை தாங்கிப் போனார்கள். பின்னாலேயே அலி (ரலி) அனுப்பப்பட்டு, தவ்பா சூராவின் இந்த ஆரம்ப வசனங்களைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். அதாவது, இது ஒப்பந்தம் முடிந்தது என்று ஊரறியச் சொன்ன அறிவிப்பு. இரண்டாம் வசனம் நாலு மாதம் தவணை தருகிறது, அதுவரை பூமியில் எங்கும் போய் வரலாம். நாலாம் வசனம், உடன்படிக்கையில் எதையும் குறைக்காமல், உங்களுக்கு எதிராக யாருக்கும் உதவாமல் இருந்தவர்களுக்கு அவர்கள் தவணை முடியும் வரை வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறது. அவர்களும் இணைவைப்பவர்கள்தான், கவனி. ஐந்தாம் வசனத்தில் வரும் "அல்-முஷ்ரிகீன்" எல்லோரையும் குறிப்பதாக இருந்தால் நாலாம் வசனமே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஆறாம் வசனத்தைத்தான் தோழிக்குக் காட்டு. அவர்களில் ஒருவன் உன்னிடம் அடைக்கலம் கேட்டால் கொடு, அல்லாஹ்வின் வார்த்தையைக் கேட்கட்டும், அப்புறம் அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்கிறது. கண்ட இடத்தில் கொல்வதுதான் சட்டம் என்றால் அவனைப் பத்திரமாக எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? பதின்மூன்றாம் வசனம் காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறது: சத்தியங்களை முறித்தார்கள், தூதரை வெளியேற்ற நினைத்தார்கள், முதலில் ஆரம்பித்ததும் அவர்கள்தான்.

சரி, கஷ்டமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் மறைத்தால் அவள் தேடிக் கண்டுபிடிப்பாள், அப்புறம் நீ சொன்ன எதையும் நம்ப மாட்டாள். ஐந்தாம் வசனம், அவர்கள் தவ்பா செய்து தொழுது ஜகாத் கொடுத்தால் வழிவிட்டுவிடுங்கள் என்றுதான் முடிகிறது, சண்டையை நிறுத்தினால் போதும் என்று அல்ல. முற்கால அறிஞர்களில் சிலர் இந்த ஒரு வசனம் அதற்கு முந்தைய சமாதான வசனங்களை எல்லாம் மாற்றிவிட்டது என்றே சொன்னார்கள். ளஹ்ஹாக், ஸுத்தி போன்றவர்கள் நேர் எதிராக, கைதிகளை விட்டுவிடலாம் அல்லது ஈடு வாங்கிக்கொண்டு விடலாம் என்கிற 47:4 தான் இதை மாற்றியது என்றார்கள். "புனித மாதங்கள்" எவை என்பதிலும் ஒரே கருத்து இல்லை. ஹஜ் நாளிலிருந்து எண்ணும் நாலு மாதம் என்பவர்களும் உண்டு, வழக்கமான புனித மாதங்கள், அதாவது முஹர்ரம் முடிவோடு, ஐம்பது நாள்தான் என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கருத்துதான் சரியாகப்படுகிறது, இரண்டாம் வசனமே நாலு மாதம் என்கிறதே.

ஆக, இதைப் பொதுவான சட்டமாக வாசித்தவர்களே இல்லை என்று அவளிடம் சொல்லிவிடாதே, இருந்தார்கள். நான் மேலும் கீழும் சேர்த்து வாசிக்கிறேன், அவ்வளவுதான். அவளை உட்கார வைத்து ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை நீயே வாசித்துக் காட்டு, பத்து நிமிஷம் ஆகாது. இடையில் அவள் எங்கேயாவது நிறுத்திக் கேட்டால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம்.

உம்மா ஊறுகாய் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் சொல்.

வாப்பா