பணம் நிலைத்ததா என்று எங்களுக்குச் சொல்லுங்கள்: வங்கிகளுக்கும் பணப் பரிமாற்றச் செயலி நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

இணையத்தில் பொருள் விற்பவர்கள் நாங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர், தொகை, பச்சை நிற டிக், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஒரு படத்தில் மாற்றிவிடலாம். அதனால் வாங்குபவர் அனுப்பும் படத்தையும், அவர் தரும் இணைப்பையும் நாங்கள் சான்றாக ஏற்பதில்லை. எங்கள் செயலியை நாங்களே திறந்து, அந்தத் தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். குறுஞ்செய்தியையும் நம்புவதில்லை, அதையும் போலியாக அனுப்ப முடியும்.

எங்களை உண்மையில் வீழ்த்துவது 'அதிகமாக அனுப்பிவிட்டேன்' என்னும் தந்திரம். பொருளின் விலை 1,800. கணக்கில் 18,000 வருகிறது. "ஒரு சுழியம் கூடிவிட்டது, மீதி 16,200-ஐ இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், அவசரம்" என்று கேட்கிறார்கள். செயலியைப் பார்த்தால் பணம் இருக்கிறது. விற்பவர் நேர்மையாகத் திருப்பி அனுப்புகிறார், பொருளையும் அனுப்புகிறார். சில நாள் கழித்து அந்த 18,000 திரும்பப் பெறப்படுகிறது: திருடிய கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ வந்த பணம், அல்லது பணமில்லாமல் திரும்பிய காசோலை. விற்பவருக்கு 16,200-உம் பொருளும் நஷ்டம். முறையிட்டால், "அந்த 16,200-ஐ நீங்களேதான் அனுப்பினீர்கள்" என்பதே உங்கள் பதில். அது உண்மைதான். ஆனால் வந்த பணம் திரும்பிப் போகக்கூடியது என்று அன்று எங்கள் திரையில் ஒரு வரிகூட இல்லையே! அதை எங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். ஒவ்வொரு வரவின் அருகிலும் 'உறுதியானது' அல்லது 'இன்னும் திரும்பப் பெறப்படலாம்' என்று எழுதுங்கள். காசோலைத் தொகையை அது தீர்வாகும் முன்பே இருப்பில் காட்டினால், அது தற்காலிக வரவு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கூடுதலாக வந்த தொகையைத் திருப்ப அந்தப் பரிவர்த்தனைக்குள்ளேயே ஒரு வழி வேண்டும். வந்த மூலத்துக்கே பணம் போனால், வேறு எண்ணுக்கு அனுப்பச் சொல்பவரின் கதை அங்கேயே நின்றுவிடும். அந்த வழி இல்லாத செயலிகளில், நாங்கள் தனியாக அனுப்பாமல், தவறுதலாக வந்த பணம் என்று உங்களிடமே தெரிவித்துக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் வாங்குபவரின் மிரட்டலும் 'மோசடிக்காரர்' என்ற வசையும் எங்கள்மேல்தான் விழுகின்றன.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதையும், அது கேட்கப்படும் திரையிலேயே பெரிதாக எழுதுங்கள். 'உங்களுக்குப் பணம் வருகிறது' என்று நம்பவைத்து, பணம் கேட்கும் கோரிக்கைக்கு ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள்.

விளம்பர அறிவிப்புகள் எங்கள் திரையை நாள்தோறும் நிறைக்கின்றன. அவற்றுக்கு இடம் இருக்கும்போது இந்த ஒரு வரிக்கும் இடம் இருக்கும். வரவு உறுதியா இல்லையா என்பதை எங்களுக்குக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இணைய விற்பனையாளர்கள்