வலைக்குப் பக்கத்தில் எதற்கு அத்தனை பெரிய வீச்சு?

டேய் நெட்டை,

உன் கடிதமும் வீடியோவும் வந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். குட்டையன் இன்னும் அப்படியேதான் இருக்கிறான், அதே சண்டை, அதே சாக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இனிமேல் நெட் பக்கமே போகமாட்டேன், பேஸ்லைனிலேயே நின்றுகொள்கிறேன்" என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. டென்னிஸ் டபுள்ஸில் உன் உயரத்தை வைத்துக்கொண்டு பின்னால் போய் நிற்கிறவனை என்ன சொல்வது? கேப்டன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அந்த வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது செட்டில், எதிராளி பேஸ்லைனிலிருந்து உன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பந்து அடிக்கிறான், அது தரையில் படுமுன்பே நீ வாலி அடித்து அது நேராகப் பின்வேலிக்குப் போகிறதே, அந்தப் பாயின்ட்டைப் பார். பந்து வலையைத் தாண்டும் ஃபிரேமில் உன் ராக்கெட் இன்னும் காதுக்குப் பின்னால் இருக்கிறது. நீ வலையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறாய். பந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள், அதாவது நொடிக்கு 22 மீட்டர். அந்த இரண்டரை மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். ஃபோன் வீடியோவில் மூன்று நான்கு ஃபிரேம், அவ்வளவுதான். அதற்குள் காதுக்குப் பின்னாலிருந்து ராக்கெட்டை முன்னால் கொண்டுவந்து, அதன் முகத்தையும் திருப்பி நேராக்கி அடிக்க யாராலும் முடியாது. அவன் ராக்கெட்டிலிருந்து உன் ராக்கெட்டுக்குப் பந்து வர மொத்தமே முக்கால் நொடிக்கும் குறைவு, அதிலும் பார்த்துப் புரிந்துகொள்ளவே கால்வாசிக்கு மேல் போய்விடும். பேஸ்லைனில் நிற்கும்போது இதைப்போல இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும், தரையில் பட்டு வேகமும் குறைந்திருக்கும். உன் ஃபோர்ஹேண்ட் அங்கே ஜோராக வேலை செய்வது அதனால்தான். அதே வீச்சை நெட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

நேரம் ஒரு பாதிதான். இன்னொரு பாதி ராக்கெட் முகத்தின் கோணம். பெரிய வீச்சில் ராக்கெட் வளைந்து சுழன்றபடியே வருகிறது, முகம் நீ நினைத்த திசையைப் பார்ப்பது ஒரே ஒரு கணம். நொடிக்கு 600 டிகிரி சுழல்கிறது என்று வை, அது ஒன்றும் அசுர வேகம் இல்லை. நூறில் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ முகம் ஆறு டிகிரி தப்பிவிடும். பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போய் விழும்போது அது ஒரு மீட்டருக்கு மேல் விலகல். குத்துகிற மாதிரி அடித்தால் முகம் சுழல்வதே இல்லை, நேராக முன்னால் நகர்கிறது. அப்போது அதே நூறில் ஒரு நொடி தப்பினாலும் பந்து படும் இடம்தான் கொஞ்சம் முன்பின் ஆகும், திசை கெடாது.

நீ உடனே "வேகத்துக்கு என்ன செய்ய" என்று கேட்பாய், எனக்குத் தெரியும். வேகத்தை எதிராளியே கொடுத்துவிட்டான்டா! ராக்கெட்டை அசைக்காமல் நடுநரம்பில் வாங்கினாலே 80-இல் வந்த பந்து ஏறக்குறைய 30-இல் திரும்பிப் போகும். நீ வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் தள்ளினால் 60 ஆகிவிடும். வலையிலிருந்து அவ்வளவு கிட்டத்தில், ஆளில்லாத பக்கம் போகும் பந்துக்கு 60 தாராளம்.

செய்முறை என்று பார்த்தால் கொஞ்சம்தான். கான்டினென்டல் கிரிப், சுத்தியலைப் பிடிப்பது போல. ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டுக்கும் அதேதான், நடுவில் மாற்ற நேரம் கிடையாது. எதிராளி அடிக்கும் நொடியில் ஸ்பிளிட் ஸ்டெப், சின்னத் துள்ளல் போதும். அப்புறம் ராக்கெட்டைப் பின்னால் இழுக்காதே, தோளைத் திருப்பு. தோள் திரும்பினால் ராக்கெட் எவ்வளவு பின்னால் போகிறதோ அதுதான் உன் பின்வீச்சு. ஃபோர்ஹேண்ட் வாலிக்கு இடது காலை எடுத்து வைத்து, உடம்புக்கு முன்னால் பந்தை வாங்கி, ஒரு சாண் தூரம் தள்ளி நிறுத்து. இதில் ஒன்று, 'குத்து' என்றவுடன் முழங்கையை வெட்டி நீட்டுவதும் மணிக்கட்டை உதறுவதும் பலருக்கு வந்துவிடும். தள்ளும் சக்தி காலடியிலிருந்தும் தோளிலிருந்தும் வரவேண்டும், மணிக்கட்டு அசையக்கூடாது. பந்து படும்போது பிடியை இறுக்குவதும் வேகத்துக்காக இல்லை, நடுவில் படாத பந்து ராக்கெட்டைத் திருப்பிவிடாமல் இருக்கத்தான்.

முழங்காலுக்குக் கீழே வரும் பந்துக்கு இந்தக் குத்தும் வேண்டாம். வலை நடுவிலேயே 91 சென்டிமீட்டர் உயரம், கீழிருந்து குத்தினால் வலையில்தான் போய் நிற்கும். முழங்காலை மடக்கி, ராக்கெட் முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திறந்துவைத்து, ஆழமாகப் போகவிடு. தோளுக்கு மேலே மெதுவாக மிதந்து வரும் பந்து என்றால் உன் பெரிய வீச்சை எடு, நான் தடுக்கவில்லை, அங்கே நேரம் இருக்கிறது.

ஸ்மாஷ் விஷயம்தான் எனக்குக் கவலை. உன் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட லாப் வந்ததும் நெஞ்சை நேராக வைத்துக்கொண்டே பின்னால் நகர்கிறாய், பந்து தலைக்குப் பின்னால் போய்விடுகிறது, முதுகை வில்லாக வளைத்து அங்கிருந்து இழுத்து அடிக்கிறாய். தோள் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, இப்படி அடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் முதலில் டாக்டரைப் பார், ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது.

ஸ்மாஷுக்கும் சர்வ் மாதிரியே ராக்கெட்டைக் கீழே இறக்கி, சுற்றி, மேலே கொண்டுவருகிறாய். சர்வில் நீயே போட்ட பந்து, உச்சியிலிருந்து ஒரு முப்பது சென்டிமீட்டர் இறங்கும்போது அடிக்கிறாய். அப்போது அதன் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர்கூட இல்லை. எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் லாப் உன் ராக்கெட் எட்டும் உயரத்துக்கு வரும்போது நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இருக்கும். அடிக்கத் தோதான இடத்தை நான்கு மடங்கு வேகமாகத் தாண்டிவிடும் என்று அர்த்தம். அதனால்தான் பாதி ஸ்மாஷ் ராக்கெட்டின் ஃபிரேமில் படுகிறது. லாப் என்று தெரிந்தவுடன் வலது காலைப் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் திரும்பு, ராக்கெட்டை நேராகத் தலைக்குப் பக்கத்தில் தூக்கி அங்கேயே வைத்துக்கொள், இடது கையால் பந்தைக் காட்டு, காலைக் குறுக்கே எடுத்து வைத்துப் பின்னால் போ. பந்து எப்போதும் உன் நெற்றிக்கு முன்னால் இருக்கவேண்டும். ரொம்ப உயரமாகப் போனால் ஒரு தடவை தரையில் படவிட்டு அடி, அதில் மானம் ஒன்றும் போய்விடாது.

பழகுவதற்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, யாரையாவது மெதுவாகப் பந்து போடச் சொல்லி வாலி அடி. ராக்கெட் சுவரில் இடித்தால் பின்வீச்சு இன்னும் இருக்கிறது. சத்தமே உனக்குச் சொல்லிவிடும், நான் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஸ்மாஷுக்குத் தோள் சரியாகும்வரை ராக்கெட்டே வேண்டாம். லாப் போடச் சொல்லி, பக்கவாட்டில் ஓடிப்போய் இடது கையால் தலைக்கு முன்னால் பிடி, அது போதும்.

அடுத்த வீடியோவைப் பின்னாலிருந்து எடுக்காதே. வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, உன் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல். பந்து வலையைத் தாண்டும்போது ராக்கெட் உன் தோளுக்கு முன்னால் இருக்கிறதா என்பதுதான் நான் பார்க்கப்போவது. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பார்ட்னர்