வால்ப்ரோயேட்டை மாற்ற வேண்டிய நேரம்: வலிப்புக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நரம்பியல் மருத்துவர்களே, பொது மருத்துவர்களே,

நான் ஒரு மகப்பேறு மருத்துவர். வலிப்பு நோயுள்ள பெண்களை நீங்கள் பல ஆண்டுகள் பார்க்கிறீர்கள். நான் அவர்களைப் பார்ப்பது பெரும்பாலும் கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில்தான். கையில் உங்கள் மருந்துச் சீட்டு இருக்கும், அதில் கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் இருக்கும். அந்த வாரத்தில் என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஏன் என்பதை நாட்கணக்கோடு சொல்கிறேன்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவோம். சுமார் 14-ஆம் நாள் கருத்தரிப்பு. 29-ஆம் நாளில் மாதவிடாய் வரவில்லை. 'ரெண்டு நாள் தள்ளிப்போகும்' என்று விட்டுவிட்டு 35-ஆம் நாள் பரிசோதிக்கிறார். பிறகு வீட்டில் சொல்லி, நேரம் வாங்கி, என்னிடம் வரும்போது 56-ஆம் நாள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடுவது கருத்தரித்த 28-ஆம் நாளையொட்டி, அதாவது இந்தக் கணக்கில் 42-ஆம் நாள். அது மூடாமல் போயிருந்தால், அவர் என் அறைக்குள் நுழைவதற்கு இரண்டு வாரம் முன்பே அது நடந்து முடிந்திருக்கும். இதயத்தின் அடிப்படை அமைப்பும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

'எந்த மருந்துக்கும் கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் செய்யும்' என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரி, அந்தக் கொஞ்சத்தை எப்படி அளக்கிறோம் என்று பார்ப்போம். கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மருந்து கொடுத்துச் சோதிக்க முடியாது. விலங்குச் சோதனையை மட்டும் நம்பவும் முடியாது. தாலிடோமைடு வழக்கமான எலிச் சோதனைகளில் பிடிபடவில்லை. 1961-ல் அது சந்தையிலிருந்து விலக்கப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்துவிட்டார்கள். எனவே நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று கர்ப்பப் பதிவேடுகள்தான். குழந்தை எப்படிப் பிறக்கும் என்று யாருக்கும் தெரியாத கட்டத்திலேயே பெண்ணைப் பதிவுசெய்துவிட்டு, பிறகு தொடர்ந்து கவனிக்க வேண்டும். குறையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்தபிறகு 'அம்மா என்ன மருந்து சாப்பிட்டார்' என்று பின்னோக்கிக் கேட்டால், அதே மருந்தைச் சாப்பிட்டு நல்லபடியாகப் பெற்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

எந்த மருந்தும் எடுக்காத பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குப் பெரிய பிறவிக்குறை இருக்கும். எதையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு புதிய மருந்துக்கு நூறு கர்ப்பங்களின் விவரம் மட்டும் இருக்கிறது, நால்வருக்குக் குறை என்றால், அதை வைத்து ஆபத்து என்றும் சொல்ல முடியாது, பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. தற்செயலாகவே அப்படி வரலாம். கர்ப்பத்தில் உள்ள ஆபத்தை வைத்து மருந்துகளை வகைப்படுத்த அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்து வரிசையின் பெரிய குறையும் இதுதான். தரவே இல்லாத மருந்தும், விலங்கில் தீங்கு காட்டிய மருந்தும் 'சி' என்ற ஒரே எழுத்தில் கிடந்தன. புதிய மருந்து லேபிள் விதிகள் 2015-ல் நடைமுறைக்கு வந்தபோது அந்த எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். இன்னும் அதை வைத்தே முடிவெடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது: குறைக்குக் காரணம் மருந்தா, நோயா? வலிப்பு மருந்துகளில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது, ஏனென்றால் ஒரே நோய்க்குப் பல மருந்துகள் இருக்கின்றன. யூரேப் என்ற பன்னாட்டுப் பதிவேடு 2018-ல் வெளியிட்ட கணக்கில் 7,355 கர்ப்பங்கள், எல்லாமே ஒற்றை மருந்து எடுத்தவை. லெவெடிராசெட்டம் எடுத்தவர்களின் குழந்தைகளில் 2.8 விழுக்காட்டினருக்கும், லாமோட்ரிஜின் எடுத்தவர்களில் 2.9 விழுக்காட்டினருக்கும் பெரிய குறை இருந்தது. வால்ப்ரோயேட்டில் 10.3. நோய் எல்லோருக்கும் வலிப்புதான், மாறியது மருந்து. மேலும், வால்ப்ரோயேட்டின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது: நாளுக்கு 650 மி.கி. வரை 6.3 விழுக்காடு, 1,450 மி.கி.க்கு மேல் 25 விழுக்காடு. அளவோடு சேர்ந்து ஏறும் ஆபத்துக்கு மருந்துதான் காரணம் என்று நம்ப வலுவான முகாந்திரம் உண்டு.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஸ்கேனில் தெரியாத பகுதி. வால்ப்ரோயேட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளை ஆறு வயதில் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் அதே ஆய்விலிருந்த மற்ற மூன்று வலிப்பு மருந்துகளை எடுத்தவர்களின் குழந்தைகளைவிட 8 முதல் 11 புள்ளி குறைவாக இருந்தது. பேச்சுத் தாமதம், கவனக்குறைவு, ஆட்டிசம் என்று எல்லா வகை வளர்ச்சிப் பிரச்சினைகளையும் சேர்த்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை போகலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கிறது. மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்கிறது. அதனால் 'முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை' என்ற ஆறுதலை இந்த மருந்துக்குச் சொல்ல முடியாது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. 24 வயதுப் பெண். பதின்வயதில் தொடங்கும் மயோக்ளோனிக் வலிப்பு. காலையில் கை உதறும், எப்போதாவது முழு வலிப்பு வரும். வால்ப்ரோயேட் 500 மி.கி. இருவேளை எடுக்கிறார், மூன்றாண்டாக வலிப்பே இல்லை. அடுத்த ஆண்டு குழந்தை பெற நினைக்கிறார். மருந்து நன்றாக வேலை செய்கிறது, அதனால்தான் யாருக்கும் மாற்ற மனம் வருவதில்லை. உங்கள் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: இந்த வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் அளவுக்குக் கேட்கும் மருந்து குறைவு.

ஆனால் ஓராண்டு கையில் இருக்கிறது. கருத்தடையைத் தொடரச் சொல்லிவிட்டு, வால்ப்ரோயேட்டைத் தொடாமல் லெவெடிராசெட்டத்தை 250 மி.கி. இருவேளை என்று தொடங்கலாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, 500, தேவையானால் 1,000 மி.கி. இருவேளை வரை கொண்டுபோகலாம். எரிச்சல், கோபம், மனச்சோர்வு வருகிறதா என்று அவரிடமும் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். இந்த மருந்தை நிறுத்த நேர்வது பெரும்பாலும் அதனால்தான். அது நிலைபெற்ற பிறகு வால்ப்ரோயேட்டை இரண்டு வாரத்துக்கு 200 மி.கி. வீதம் குறைக்கலாம். இந்தக் காலத்தில் வண்டி ஓட்டக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. காலை உதறல் திரும்பினால் அதுதான் முதல் எச்சரிக்கை. அதை நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை, 'கையிலிருந்து டம்ளர் நழுவுதா' என்று நாம்தான் கேட்க வேண்டும். முழுதும் மாறியபின் சில மாதம் வலிப்பில்லாமல் பார்த்துவிட்டு, ரத்தத்தில் மருந்தின் அளவை ஒருமுறை எடுத்துக் குறித்துவையுங்கள். கர்ப்பத்தில் லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் இரண்டும் உடலிலிருந்து வேகமாக வெளியேறும். மருந்தை எவ்வளவு கூட்டுவது என்று முடிவெடுக்க அந்தப் பழைய அளவு எனக்கு வேண்டும்.

லாமோட்ரிஜினுக்கு மாற்றுவதாக இருந்தால் இன்னும் பொறுமை தேவை. வால்ப்ரோயேட் அதன் வெளியேற்றத்தைத் தடுப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி. என்றுதான் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரக்கூடும். வால்ப்ரோயேட் நின்றதும் லாமோட்ரிஜினின் அளவு ரத்தத்தில் பாதியாக இறங்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் அப்படியே இறக்கும். அப்புறம், மயோக்ளோனிக் உதறல் சிலருக்கு இதில் கூடவும் செய்யும்.

வேறு எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்காத பெண்களும் உண்டு. அவர்களுக்குக் குறைந்த அளவு வால்ப்ரோயேட்டைத் தொடரலாம், ஆனால் மேலே சொன்ன எண்கள் தெரிந்து அந்தப் பெண் எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் எல்லோருக்கும் கருத்தரிக்கும் முன்பிருந்தே, நாளுக்குக் குறைந்தது 0.4 மி.கி. அதைக் கொடுத்துவிட்டதால் வால்ப்ரோயேட்டின் ஆபத்து நீங்கிவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். அதற்குச் சான்று இல்லை.

வலிப்பில் சொன்னது எல்லா மருந்துக்கும் அப்படியே பொருந்தாது. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தி, சல்ஃபாசலசின், அசாதயோபிரின் போன்றவற்றுக்கு மாற வேண்டும். வார்ஃபரின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிப்பதால் பலருக்கு ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுகிறோம். செயற்கை இதய வால்வு உள்ளவர்களின் கணக்கு வேறு, அதை இதய மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் முக்கியமாகப் பிந்திய மாதங்களில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன, பனிக்குட நீர் வற்றிவிடும். லேபெடலாலோ நிஃபெடிபினோ முன்னமே எழுதிவிட்டால் கவலை இல்லை. மறுபக்கம், தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், லூப்பஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இவற்றைப் பயந்துபோய் நிறுத்திவிட்டு வரும் பெண்களையும் பார்க்கிறேன். அவை தொடர வேண்டியவை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பெண் பிள்ளைக்கு முதல் வலிப்பு மருந்து எழுதும் நாளிலேயே, அவளுக்கு 14 வயதானாலும், வேறு மருந்து பயன்படுமா என்று பாருங்கள். ஏற்கெனவே வால்ப்ரோயேட் எடுப்பவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை கருத்தடை பற்றியும் குழந்தை பெறும் திட்டம் பற்றியும் நேரடியாகக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதுங்கள். கல்யாணம் ஆகவில்லை என்பதால் கேட்காமல் விடாதீர்கள்.

எதிர்பாராமல் கருத்தரித்துவிட்ட பெண் உங்களை அழைத்தால், முதலில் சொல்ல வேண்டியது 'மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்பது. முதல் மூன்று மாதத்தில் வால்ப்ரோயேட்டை நிறுத்தியோ மாற்றியோ விட்டவர்களில் முழு வலிப்பு வந்தவர்களின் பங்கு, அதைத் தொடர்ந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழு வலிப்பு தாயின் உயிரையும் எடுக்கக்கூடும், குழந்தையின் உயிரையும் எடுக்கக்கூடும். அதனால் அதே வாரத்தில் நீங்களும் நானும் அவரைச் சேர்ந்து பார்ப்போம். அளவைக் குறைக்க இடமிருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் முதுகுத்தண்டையும் இதயத்தையும் குறிப்பாகப் பார்க்க நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகப்பேறு மருத்துவர்