தோளில் இருந்த நான்கு விரல்கள்: ஒரு நன்றி மடல்

கோத்தகிரி

அன்புடையீர்,

கோத்தகிரிப் பாட்டி, சேரம்பாடி அக்கா, இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரிய பாட்டி, மூவரும் ஒரே குடும்பம் என்பது உறுதியாகிவிட்டது. இதற்கு உதவியவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தாங்கள் செய்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் நடந்ததை முழுதாக எழுதி நன்றி சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள், உறவுமுறையிலேயே எழுதுகிறேன்.

என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நான் ஒட்டுப்படம் செய்வதில்லை. இறந்துபோன அப்பாவைக் கல்யாண மேடையில் நிற்க வைத்துக் கொடுங்கள் என்று மாதம் ஒருவராவது கேட்பார்கள். முடியாது என்றே சொல்லி வந்திருக்கிறேன். தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. மேடையில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழும், அப்பாவின் படத்தில் வலப்பக்கம் இருந்து விழுந்திருக்கும். மேடைப் படம் நெஞ்சு உயரத்தில் எடுத்தது, அது கண் உயரத்தில் எடுத்தது. காலடியில் நிழல் இருக்காது. தெரிந்தவன் கண்ணுக்கு இதெல்லாம் உடனே படும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படாது. இருபது வருஷம் கழித்து, தாத்தா கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்றே அவர்கள் நினைப்பார்கள். ஒரு குடும்பத்தின் நினைவில் நடக்காத ஒன்றைப் புகுத்தும் உரிமை எனக்கு இல்லை என்பது என் எண்ணம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோத்தகிரிப் பாட்டி கொண்டுவந்தது அரை பிளேட் அளவில் ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். அட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில், பின்னால் வரைந்த திரையில் தூணும் படிக்கட்டும். படத்தில் இரண்டு ஓட்டைகள். அண்ணன் இருந்த இடத்தையும் அக்கா இருந்த இடத்தையும் யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பாட்டி அண்ணனின் நாற்காலியை ஒட்டி நிற்கிறார். அவர் வலது கை நீண்டு ஓட்டைக்குள் போகிறது, மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது.

ஏன் வெட்டினார்கள் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பிரித்தது லயம் என்கிற ஒவ்வொரு தொழிலாளர் வரிசை வீட்டுக்கு உள்ளேயும்தான். இந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, சிறுபிள்ளைகள் ஒரு கடவுச்சீட்டில் வந்தார்கள். வயது வந்த அண்ணன் தனியாக விண்ணப்பித்தார். அக்காவைக் கட்டியவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அக்கா அங்கேயே தங்கிவிட்டார், அவர்தான் பெரிய பாட்டி. விண்ணப்பத்துக்குப் படம் கேட்டார்கள். தனியாகப் படம் எடுக்கக் காசில்லை. இருந்த ஒரே படத்தில் இருந்து வெட்டிக்கொண்டார்கள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பெற்றோர் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். அண்ணன் பிறகு வந்த கப்பலில் வந்தார், கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அதற்கு அப்புறம் தொடர்பு இல்லை. தோட்டங்களுக்கு எழுத்தில் ஒரு ஆங்கிலப் பெயர், வாயில் ஒரு தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை.

பாட்டி கேட்டது இதுதான்: "எம் மவனுக்கு அண்ணன் சாடைதான் தம்பி. அவன் மூஞ்சிய எடுத்து அந்த ஓட்டையில வச்சுக் குடுங்க." நான் மாட்டேன் என்றேன். ஸ்கேன் மட்டும் செய்து வைத்துக்கொண்டேன்.

பிறகு சேரம்பாடியில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா, அவரைத்தான் சேரம்பாடி அக்கா என்கிறேன், தன் அப்பாவின் பழைய கடவுச்சீட்டைக் கொண்டுவந்தார். அதன் உறைக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னப் படம் செருகியிருந்தது. அப்பாவை மணமக்களுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். அதற்கும் முடியாது என்றேன். அந்தப் படத்தையாவது பெரிதாக்கித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

என் முதல் நன்றி கடையில் ஸ்கேன் வேலை பார்க்கும் தங்கைக்கு. சின்னப் படத்தைத் திரையில் பெரிதாக்கியவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, இவர் தோள்ல நாலு விரல் இருக்கு. கை இல்ல." அவள் இதைச் சொல்லும்போதே பாட்டியின் ஸ்கேனையும் பக்கத்தில் திறந்திருந்தாள். அங்கே கை இருந்தது, விரல் இல்லை.

பொருந்துவது போலத் தெரிவது வேறு, பொருந்துவது வேறு. கணினியில் இழுத்தால் எதுவும் எதோடும் பொருந்தும். அதனால் இரண்டு படத்தையும் ஒரே மெஷினில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, 1200 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தோம். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது இரண்டு படத்திலும் சுமார் 47 பிக்சல். மெஷின் தானாகச் செய்யும் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தோம். சின்னப் படத்தை நகர்த்தலாம், திருப்பலாம். பெரிதாக்கவோ சிறிதாக்கவோ நீட்டவோ கூடாது. இதுதான் நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

விளிம்போடு விளிம்பு சேரவில்லை. வெட்டிய பிறகு அளவுக்காக மறுபடி நறுக்கியிருக்கிறார்கள், சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் போல இடைவெளி. நிறமும் சேரவில்லை. பாட்டியின் படம் அடுப்படிச் சுவரில் தொங்கிப் பழுத்து மங்கியது. கடவுச்சீட்டுக்குள் இருந்தது கறுகறுவென்று அப்படியே இருக்கிறது. ஆனால் திரையில் வரைந்த தூணின் கோடு இடைவெளியைத் தாண்டி அதே சாய்வில் தொடர்ந்தது. மணிக்கட்டுக்கு நேர் எதிரே விரல்கள் வந்து நின்றன. இத்தனைக்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரே ஸ்டூடியோ என்றால் எல்லாக் குடும்பத்துக்கும் அதே தூண்தானே இருக்கும்?

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் குன்னூரில் இருக்கும் பெரியவர். நெகட்டிவில் பென்சில் வைத்து ரீடச்சிங் செய்து வாழ்நாளைக் கழித்தவர். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் தலைப்பாகையில் தொடங்கிக் குறுக்கே இறங்கும் மயிரிழைக் கறுப்புக் கோட்டைக் காட்டினார். "பிரிண்ட்ல வெள்ளக் கோடு வந்தா அது பெரும்பாலும் தூசி, அந்த ஒரு காப்பியோட போச்சு. கறுப்புக் கோடுன்னா நெகட்டிவோட மருந்துப் பக்கம் கீறியிருக்கு. அந்த இடத்துல வெளிச்சம் கூடுதலா எறங்கிக் கறுத்துடும். எத்தன காப்பி போட்டாலும் கூடவே வரும்." அந்தக் கோடு ஓட்டையின் ஓரத்தில் மறைந்து, சின்னப் படத்தில் அண்ணனின் நெற்றியில் தொடர்ந்தது. கன்னத்தில் மட்டும் காணவில்லை, காலரில் மறுபடி வந்தது. "கன்னத்துல வந்த கீறல பென்சிலால மூடியிருக்கான் பாருங்க. மொகத்துல கோடு விட மாட்டாங்க. நல்ல கை" என்றார். ஐயா, உங்கள் பார்வைக்கு என் வணக்கம்.

ஒரே கீறல் என்றால் ஒரே நெகட்டிவ். ஒரே நெகட்டிவ் என்றால் ஒரே நேரத்தில் ஒரே கேமரா முன்னால் இருந்தவர்கள். படம் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இருந்தவர் அண்ணன்தான் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. பந்தலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா, பாட்டி வாயால் சொன்ன தோட்டப் பெயரும் கடவுச்சீட்டில் இருந்த ஆங்கிலப் பெயரும் ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிசன்கள் என்று நினைவில் இருந்தே சொன்னார். அவருக்கு நன்றி. சேரம்பாடி அக்கா போனில் இன்னொன்று சொன்னார். "அந்தப் படத்த ஆபீசுல வேணாம்னு திருப்பிட்டாங்களாம் அப்பாகிட்ட. தோள்ல வேற யாரோ வெரல் இருக்குன்னு." அதனால்தான் அந்தத் துண்டு எந்தத் தாளிலும் ஒட்டப்படாமல் இத்தனை வருஷம் தப்பியிருக்கிறது. கோத்தகிரிப் பாட்டியிடம் போய், படம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். "கைய எடு, கைய எடுன்னு போட்டோக்காரர் சத்தம் போட்டாரு. நான் அண்ணன விடல" என்றார். விரல் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் இப்போது இல்லை. சுள்ளியாவிலேயே இறந்துவிட்டார். மகள் கல்யாணமாகிச் சேரம்பாடி வந்து சேர்ந்தவர். அத்தையும் மருமகளும் ஒரே மாவட்டத்தில், ஊட்டியும் கூடலூரும் நடுவில் இருக்க, ஒருவரை ஒருவர் அறியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். கடவுச்சீட்டு இருந்த தகரப்பெட்டியில் இலங்கை அக்காவின் பழைய கடிதங்களும் இருந்தன. அதிலிருந்த முகவரியைப் பிடித்து, அந்த லயத்துக்கே நேரில் போய்த் தேடிக் கண்டுபிடித்த அட்டன் ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வேன்? வாடகைகூட அவர் வாங்கவில்லை. பெரிய பாட்டியை அவருடைய போனில்தான் முதலில் பார்த்தோம்.

பிறகு நான் ஒட்டுப்படம் ஒன்று செய்தேன். அண்ணனின் துண்டை அதன் இடத்தில் வைத்தேன். இடைவெளியை நிரப்பவில்லை, நிறத்தைச் சமன் செய்யவில்லை. வெட்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். எந்தத் துண்டு யார் வீட்டில் இருந்தது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கல்யாண மேடையில் ஒருவரைச் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிது. இவர் அங்கே இருந்தவர்.

அக்காவின் துண்டு கிடைக்கவில்லை. அவர் பேரன் இப்போதைய படம் ஒன்றை அனுப்பி, அதைப் பொருத்தச் சொல்லிக் கேட்டார். எனக்கு மனமில்லை. வற்புறுத்தாமல், "அந்த எடம் அப்படியே இருக்கட்டும், அக்கா படத்தப் பக்கத்துல தனியா மாட்டுவோம்" என்று முடிவு சொன்ன கோத்தகிரிப் பாட்டிக்கு என் தனி நன்றி. மூன்று வீட்டுக்கும் மூன்று பிரிண்ட் கொடுத்தாயிற்று.

அக்காவைப் பார்க்கப் பாட்டி இலங்கை போகிறார், சேரம்பாடி அக்காவும் கூட. கப்பலில்தான் போவேன் என்று பாட்டி சொல்லிவிட்டதால் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறை. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த இ-சேவை மையத்துப் பிள்ளைகளுக்கும், பிறப்புச் சான்று இல்லாமல் திணறியபோது பழைய குடும்ப அட்டையைத் தேடி எடுத்துத் தந்த பாட்டியின் மகனுக்கும் நன்றி.

அன்புடன்,
உங்கள் படக்காரர்